செக்ரோலில் பேர் இல்லாத ஏழு வருடம்: ஒரு கைக்காசுத் தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏழு வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு பெண்ணை 2024 நவம்பரில் ஒரே வார்த்தையில் நிறுத்தினார்கள். "நாளைலேர்ந்து நீ மலைக்கு வர வேணாம்" என்று கங்காணி சொன்னார். கடிதம் கிடையாது, காரணமும் கிடையாது. அதற்கு முந்திய வாரம் அவர் ஆப்பீஸுக்குப் போய், தனக்கு ஏன் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி பிடிப்பதில்லை என்று கேட்டிருந்தார். செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாயாகக் கூடியபோது, பக்கத்து நிரையில் பறிக்கும் பெண்ணின் சம்பளச் சீட்டையும் தன் கையில் கிடைத்த காசையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் வந்த கேள்வி அது.

தொழிற்சங்க உதவியாளனாக இப்படியான பல விடயங்களைக் கையாண்டதில் கண்டவற்றைச் சேர்த்து, ஒரே ஆளுடைய வழக்காக இங்கே எழுதுகிறேன். ஆளும் தோட்டமும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் கணக்கும் மாற்றப்படவில்லை.

அந்தப் பெண் அடுத்த தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாமியார் பதிவுத் தொழிலாளி. மருமகள் 2017 ஜூனில் கொழுந்துக்குப் போகத் தொடங்கினார். பேர் பதியச் சொல்லிக் கேட்டபோது, "இப்ப ஆள் எடுக்கல, கைக்காசுக்கு வா" என்றார்கள். கைக்காசு என்றால் பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டில் பேர் கூப்பிட மாட்டார்கள், வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலில் ஏறாது, சம்பளச் சீட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையிலும் கொழுந்து மிஞ்சும் காலத்திலும் மட்டும் இருந்த இந்த வழக்கம், ஆட்கள் குறையக் குறைய வாரம் முழுவதற்கும் பரவிவிட்டது. ஒரே மலையில், ஒரே கங்காணியின் கீழ், ஒரே தராசில் நிறுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி பதிவுக்காரி, மற்றவள் கைக்காசுக்காரி என்று இருப்பது இன்று சாதாரணம்.

வித்தியாசம் எவ்வளவு என்பதை 2023இன் ஒரு நாளை வைத்துப் பார்க்கலாம். அந்தத் தோட்டத்தில் அப்போது முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. 18 கிலோ போட்ட பதிவுக்காரிக்கு நாள் சம்பளம் 1,000 ரூபாய். அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டும் 12 வீதம் 120 ரூபாய், ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 30 ரூபாய். ஆக அவளுடைய ஒரு நாளுக்குத் தோட்டம் செலவழிப்பது 1,150 ரூபாய். அதே 18 கிலோ போட்ட கைக்காசுக்காரிக்குக் கிலோ 50 ரூபாய்ப்படி 900 ரூபாய், அவ்வளவுதான். பணிக்கொடை, விடுமுறைச் சம்பளம், பிரசவக் கொடுப்பனவு எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. மாதம் 20 நாள் வேலை என்றால், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் 5,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது.

இதைக் கேட்டவுடன் பலரும் சொல்வது, "சம வேலைக்குச் சம சம்பளம் என்று சட்டம் இருக்கிறதே, வழக்குப் போடலாமே" என்பது. அப்படியொரு தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. பகுதிநேரத் தொழிலாளிக்கு முழுநேரத் தொழிலாளிக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1994இல் 175ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொல்கிறது, ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவாக அதைக் கேட்க, செய்தது அரச அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள்ளும் போக வேண்டும். தனியார் கம்பனி நடத்தும் தோட்டத்துக்கு எதிராக அந்த வழி திறக்காது.

எனவே சமத்துவத்தைத் துண்டு துண்டாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கு ஓர் அளவுகோல். இந்த அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று வேறானவை என்பதைப் புரிந்துகொள்ளாமல் "நான் கெசுவல், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுவதுதான் மலையகத்தில் அதிகம் நடக்கும் இழப்பு.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு நாள் கணக்கே வேண்டாம். நிரந்தரமோ தற்காலிகமோ, அமயமோ மாற்று வேலையோ, முதல் நாளிலிருந்தே தொழிலாளி அதற்குள் வந்துவிடுகிறார். துண்டு வேலைக்கும் கிலோ வேலைக்கும் கொடுக்கும் காசும் அந்தச் சட்டத்தின்படி உழைப்பூதியமே. ஆறு மாதம் கழிந்த பிறகுதான் ஈ.பி.எப். என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டமும் அப்படித்தான்.

வேலை நீக்கத்துக்கு 180 நாள் கணக்கு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நிறுத்திய நாளோடு முடியும் 12 மாதத்தில் ஒருவர் 180 நாளாவது வேலை செய்திருந்து, அந்த இடத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் அவரை நிறுத்தத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்துக்கு ஐந்து வருடப் பூர்த்தியான சேவை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாள் சம்பளக்காரருக்கும் மற்றவர்களுக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக இருந்த வீதப்படி.

அவரிடம் நான் முதலில் கேட்டது எத்தனை வருடம் என்பதை அல்ல. போன 12 மாதத்தில் எத்தனை நாள் மலைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். "கணக்கு வைக்கல சேர், மழை இல்லாட்டி போவேன்" என்றார். வழக்கின் முழுச் சுமையும் அந்தப் பதிலில் இருந்தது.

தோட்டத்தின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: அவரை நாங்கள் நிறுத்தவே இல்லை, அவர்தான் வரவில்லை. கைக்காசுக்காரர்களுக்கு எதிராக மிக எளிதாக எடுக்கப்படும் வாதம் இது, ஏனென்றால் நிறுத்தியதற்கு எழுத்து ஒன்றும் இருக்காது. அதனால் நிறுத்திய மறுநாளே அவரை மாதர் சங்கத் தலைவியோடு பிரட்டுக்களத்துக்குப் போய் நிற்கச் சொன்னோம். மூன்று நாள் போய் நின்றார்கள், மூன்று நாளும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான்காம் நாள், "இன்ன திகதியிலிருந்து எனக்கு வேலை மறுக்கப்படுகிறது, நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று துரைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. வேலையை விட்டுப் போனவர் இப்படி எழுத மாட்டார். அந்தத் தபால் பற்றுச்சீட்டு இல்லாதிருந்தால் இந்த வழக்கு விசாரணையின் முதல் நாளிலேயே தடுமாறியிருக்கும்.

இரண்டாவது பதில், அவர் தொழிலாளியே இல்லை, கிலோவுக்குக் காசு வாங்கிப் போகும் வெளியாள் என்பது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும், சொல்லாமலே புரிந்துகொண்டதாக இருந்தாலும், ஒரு வேலையைத் தன் கையால் செய்து தருவதற்கான ஒப்பந்தமாக இருந்தாலும், அதைச் செய்பவர் வேலையாளர்தான். எந்த மலையில் பறிப்பது என்று கங்காணி சொல்கிறார், இலையின் தரத்தைக் கணக்கப்பிள்ளை பார்க்கிறார், முற்றல் இருந்தால் நிறையில் கழிக்கிறார்கள். வெளியாளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்ற கேள்விக்கு விசாரணையில் பதில் வரவில்லை. ஆனால் ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும். தோட்டம் ஒரு துண்டு நிலத்தைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, அவர்களே பராமரித்துப் பறித்துக் கொழுந்தைத் தோட்டத்துக்கு விற்கும் முறையில் இருந்திருந்தால், இதே வாதம் இவ்வளவு எளிதாக நின்றிருக்காது. அங்கே யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை ஒவ்வொரு விவரமாக நிறுவ வேண்டும்.

இனி நாட்கள். 2020இலிருந்து கைக்காசுக்காரர்களுக்கென்று ஆப்பீஸில் ஒரு தனிக் கொப்பி இருந்தது. வாராவாரம் பேர், கிலோ, காசு, கையெழுத்து. தொழில் அதிகாரி கேட்டபோது அது வந்தது. நிறுத்திய நாளுக்கு முந்திய 12 மாதத்தில் அவர் 212 நாள் கொழுந்து போட்டிருந்தார். 180ஐத் தாண்டியாயிற்று.

2022இல் சில மாதம் அவர் காலை மட்டும் பறித்திருக்கிறார். பிள்ளைக்கு இழுப்பு, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மாதங்களைத் தோட்டம் "அரைநாள், அதைச் சேவையில் சேர்க்க முடியாது" என்றது. பகுதிநேர வேலையைப் பற்றிப் பரவலாக இருக்கும் பிழையான எண்ணம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அரைநாள் வேலை செய்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் அதன் மேல் கணக்கிடும் ஈ.பி.எப். தொகையும் குறையும். ஆனால் சேவை குறையாது. 180 என்பது வேலை செய்த நாட்களின் எண்ணிக்கை, எட்டு மணித்தியாலமாக இருந்த நாட்களின் எண்ணிக்கை அல்ல. பணிக்கொடையும் அப்படித்தான்: பகுதிநேரக்காரருக்கு அவருடைய சம்பளத்தின்படி தொகை சிறிதாகலாம், வருடங்கள் பாதியாவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்தால் ஆப்பீஸில் பாதி வாதம் அடங்கிவிடும்.

கடினமான பகுதி 2020க்கு முந்தியது. அந்தக் காலத்தில் அவருடைய கொழுந்தை மாமியாரின் பேரில் ஏற்றியிருக்கிறார்கள். மாமியார் முழுப்பேர் வாங்கிய பிறகு மிச்சக் கிலோவுக்கு மேலதிகக் காசு, அந்தக் காசு மருமகளுக்கு. தோட்டத்துக்குப் புத்தகத்தில் ஓர் ஆள் குறைவு, குடும்பத்துக்குக் கையில் கொஞ்சம் காசு. எல்லோருக்கும் சுலபமாகத் தெரிந்த ஏற்பாடு. ஆனால் அந்தக் காலம் முழுவதும் அந்தப் பெண் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இப்படியான ஏற்பாட்டைக் காட்டிக்கொடுப்பது கிலோதான். மாமியாருடைய சம்பளச் சீட்டுகளை அவர் ஒரு பிஸ்கட் பெட்டியில் ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். அவற்றில் 2017 நடுப்பகுதி வரை நாளுக்கு 19, 20 கிலோ வந்த பேருக்கு, அதன் பிறகு 38, 41 கிலோ வருகிறது. அதே மலையில், அதே மாதத்தில் மற்றவர்களுக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். ஐம்பத்தைந்தை நெருங்கும் ஒருவர் திடீரென்று இரட்டிப்பாகப் பறித்தார் என்று யாரும் நம்பப் போவதில்லை. 2020இல் மருமகளின் பேர் கைக்காசுக் கொப்பியில் ஏறிய வாரமே மாமியாரின் கிலோ பழையபடி 20க்கு இறங்குகிறது. இவ்வளவு தெளிவான சாட்சியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அதோடு இன்னொன்றைத் தேடினோம். தாய் மலைக்குப் போகும் நாளில் குழந்தையை எங்கே விடுகிறார்? பிள்ளைக் காம்பராவில். அங்கே வரவுப் புத்தகம் இருக்கும், குழந்தையின் பேரும் வந்த நாளும் அதில் இருக்கும். 2018 ஜனவரியிலிருந்து அவருடைய மூத்த பிள்ளையின் வரவு அதில் இருந்தது. பாட்டியும் மலையில், அப்பா கொழும்பில் கடை வேலையில். குழந்தை காம்பராவில் இருந்த நாட்களும் மாமியாரின் பேரில் 35 கிலோவுக்கு மேல் ஏறிய நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. தொழிலாளியின் பேர் இல்லாத இடத்தில் பிள்ளையின் பேர் இருந்தது. 2017இன் ஏழு மாதத்துக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டோம்.

மாமியார் முதலில் சீட்டுகளைத் தரத் தயங்கினார். "பொய்க்கணக்கு எழுதினேன்னு என்னையப் புடிச்சா என்ன செய்றது தம்பி?" என்று கேட்டார். நியாயமான பயம். ஓய்வு பெற இருப்பவர், அவருடைய பணிக்கொடையே அதே ஆப்பீஸிலிருந்துதான் வர வேண்டும். நிறுவையைப் பதிந்தது கணக்கப்பிள்ளை, தராசடியில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தே பதிந்தார் என்பதை விசாரணையின் தொடக்கத்திலேயே அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்த பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. இப்படிப்பட்ட விடயங்களில் பதிவுத் தொழிலாளியான உறவினரைப் பாதுகாக்காமல் சாட்சியத்தைக் கேட்பது தவறு.

எங்கே போவது என்பதிலும் ஒரு தெரிவு இருந்தது. தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நியாயமும் ஒப்புரவுமான நிவாரணத்தைத் தர அதற்கு அதிகாரம் இருக்கிறது. அல்லது அனுமதியின்றி நிறுத்தியது செல்லாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முறையிடலாம். இரண்டுக்கும் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் தவணை. அவருக்கு வேண்டியது நட்டஈடு அல்ல, வேலை. கொப்பியும் நாள் கணக்கும் கையில் இருந்ததால் இரண்டாவது வழியை எடுத்து, 2025 ஜனவரியில் முறைப்பாடு கொடுத்தோம். ஈ.பி.எப். முறைப்பாட்டைத் தனியாக, வேறு கடிதத்தில் கொடுத்தோம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்று தாமதமாகும்போது மற்றதும் அதோடு தேங்கிப் போகும்.

ஈ.பி.எப். கணக்கைத் தோட்டம் பார்த்த பிறகு பேச்சின் தொனி மாறியது. காரணம் இது. மாதம் 20,000 ரூபாய் உழைப்பூதியம் என்று வைத்தால் தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்த்து 4,000 ரூபாய். அந்தந்தச் சம்பளத்தில் 8 வீதத்தைக் கழிக்கத் தவறிய முதலாளி, பின்னாளில் அதைத் தொழிலாளியிடம் கேட்க முடியாது. அதையும் அவரே கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் பிந்தினால் 50 வீதம் மேலதிகக் கட்டணம், அது 2,000 ரூபாய். காலத்தில் கட்டியிருந்தால் தோட்டத்துக்கு 2,400 ரூபாயில் முடிந்திருக்கும் ஒரு மாதம் இப்போது 6,000 ரூபாய். கட்டாவிட்டால் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து தண்டப்பணம் போல அறவிடலாம்.

ஜூலையில் தோட்டம் ஓர் இணக்க வரைவைக் கொண்டுவந்தது. 2025 செப்டெம்பர் 1 முதல் "புதிய நியமனமாக" அவரைப் பதிவுத் தொழிலாளியாக எடுக்கிறோம், 2020 முதலான ஈ.பி.எப்., ஈ.டி.எப். நிலுவையைக் கட்டுகிறோம் என்றது. அவர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்கத் தயாரானார். பேர் பதிவது என்பது அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தச் சொன்னேன்.

புதிய நியமனம் என்று ஒப்புக்கொண்டால் பணிக்கொடைக்கான சேவை செப்டெம்பரில் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 2018 ஜனவரியிலிருந்து தொடரும் சேவை என்று எழுதினால் அன்றைக்கே ஏழு பூர்த்தியான வருடம் அவர் கையில் இருக்கும். 1,350 ரூபாயை 14 நாளால் பெருக்கினால் 18,900. ஏழு வருடத்துக்கு 132,300 ரூபாய். அதுவும் 2025இல் இருந்த வீதத்தில்தான். பணிக்கொடை கடைசிச் சம்பள வீதப்படி கணக்கிடப்படுவதால், இருபது வருடம் கழித்து அவர் ஓய்வு பெறும்போது அந்த ஏழு வருடத்தின் பெறுமதி அன்றைய சம்பளத்தோடு சேர்ந்து ஏறியிருக்கும். வரைவில் இருந்த அந்த இரண்டு சொற்கள் அவ்வளவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஆகஸ்டில் திருத்திய இணக்கம் கையெழுத்தானது. சேவை 2018 ஜனவரியிலிருந்து தொடர்ச்சியானது, நிறுத்தியிருந்த மாதங்கள் சேவை முறிவு அல்ல என்று எழுதப்பட்டது. 2020 முதலான நிதி நிலுவையைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்கள். நிறுத்தியிருந்த மாதங்களுக்கான பின்சம்பளத்தில் பாதி கிடைத்தது.

கிடைக்காதவையும் உண்டு. கிலோக் காசுக்கும் நாள் சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை அவர் விட்டுக்கொடுத்தார். என் அபிப்பிராயத்தில் அதை விட்டிருக்கக் கூடாது. தராசுக் கணக்கு கையில் இருந்தது, சம்பளச் சபை தீர்மானித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே கொடுப்பதை ஒரு தனிப்பட்ட இணக்கம் நியாயமாக்கிவிடாது. ஆனால் பாடசாலைத் தவணை தொடங்கும் மாதம், வீட்டில் வேறு வருமானம் இல்லை, முடிவு அவருடையது. 2018, 2019க்கான ஈ.பி.எப். இன்னும் விசாரணையில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிலோக்கள் மாமியாரின் பேரில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டவை என்று தோட்டம் சொல்கிறது. சம்பளச் சீட்டுகளைப் பார்த்தால் மேலதிகக் கிலோக் காசுக்கு மாமியாருக்கும் நிதி கட்டப்படவில்லை என்று தெரிகிறது. அதை இரண்டாவது முறைப்பாடாகக் கொடுத்திருக்கிறோம். அதே கைக்காசுக் கொப்பியில் இன்னும் பதினொரு பெண்களின் பேர் இருக்கிறது. அவர்களில் நான்கு பேருக்கு 12 மாதத்தில் 180 நாள் தாண்டியிருப்பதை அந்தக் கொப்பியின் பிரதியிலிருந்தே எண்ணி எடுத்திருக்கிறோம், அவர்களுடைய விண்ணப்பங்கள் இப்போது எழுதப்படுகின்றன.